கந்தோர் லீவுக்கு ஒரு கணக்கு, பள்ளிக்கூட லீவுக்கு வேறொரு கணக்கு

கேள்வி: "நான் யாழ்ப்பாணத்தில ஒரு தனியார் கம்பனியில கணக்குப் பகுதியில வேலை செய்யிறன். மனைவி மாகாணப் பாடசாலை ஒண்டில கணித ரீச்சர். மகன் ஒன்பதாம் ஆண்டு. மனைவியின்ர தங்கச்சிக்கு ஜூன் மாதம் சென்னையில கலியாணம். ஜூன் 18 போய் 28 திரும்பி வர யோசிக்கிறம். மூண்டு பேருக்கும் ஏழு நாள் லீவு வேணும். முந்திக் கேட்டா மறந்துபோவினம், பிந்திக் கேட்டா தரமாட்டினம் எண்டு ஆளுக்கொரு கதை சொல்லுகினம். சரியா எப்ப கேக்கிறது?"

தம்பி, உங்கள் மூன்று பேருக்கும் ஒரே நாளில் கேட்க வேண்டாம். மனைவியின் விண்ணப்பம் மார்ச் கடைசிக்குள் அதிபரின் மேசைக்குப் போக வேண்டும். உங்களுடையதை ஏப்ரலில் வாயால் சொல்லிவைத்து, மே முதல் கிழமையில் எழுத்தில் கொடுத்தால் போதும். மகனின் கடிதத்துக்கு ஜூன் முதல் கிழமையே போதும்.

நான் பல வருடம் பிரதி அதிபராக இருந்து ஓய்வுபெற்றவன். இப்போது ஒரு சிறிய நிறுவனத்தில் நிர்வாகம் பார்க்கிறேன். லீவு விண்ணப்பங்களை இரண்டு பக்கத்திலும் கையில் வாங்கியிருக்கிறேன். எத்தனை நாள் லீவு கேட்கிறோம் என்பதை வைத்துத்தான் எவ்வளவு முந்திக் கேட்பது என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். ஆனால் அந்தத் தாள் எத்தனை மேசை தாண்ட வேண்டும், நீங்கள் இல்லாத நேரத்தில் உங்கள் வேலை என்னவாகும் என்ற இரண்டையும்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மனைவியின் பக்கத்தை முதலில் எடுக்கிறேன், அதுதான் நீளமான பாதை. இதே கலியாணம் கொழும்பில் நடந்தால் அவருடைய லீவு அனேகமாக அதிபரின் கையொப்பத்தோடு முடிந்துவிடும். இரண்டு மூன்று கிழமைக்கு முதல் சொன்னாலே நல்ல அதிபர் சந்தோசப்படுவார். சென்னை என்றவுடன் கதை மாறுகிறது. ஆசிரியர் அரச உத்தியோகத்தர், இலங்கைக்கு வெளியே போக அவருக்கு வெளிநாட்டு லீவு அனுமதி வேண்டும். பலாலியில் ஏறி ஒன்றரை மணித்தியாலத்துக்குள் இறங்குகிற ஊர் என்றாலும் அது வெளிநாடுதான். பள்ளிக்கூட விடுமுறைக்குள் போவதென்றாலும் அனுமதி எடுக்க வேண்டும். இதை அறியாமல் "விடுமுறையில தானே போறன்" என்று இருந்துவிட்டுக் கடைசிக் கிழமையில் ஓடித்திரிந்த ரீச்சர்மாரைக் கண்டிருக்கிறேன்.

விண்ணப்பம் அதிபரிடம் தொடங்கும். அவர் சிபாரிசு எழுதி வலயக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்புவார். அங்கே தாபனக் கிளையில் ரீச்சரின் சுயவிபரக் கோவையை எடுத்து, எடுத்த லீவு, அரசாங்கத்தோடு செய்த ஒப்பந்தம், ஒழுக்காற்று விசாரணை ஏதும் உண்டா என்று பார்ப்பார்கள். பிறகு மாகாண மட்டத்துக்குப் போகும். தேசியப் பாடசாலை ரீச்சர் என்றால் பத்தரமுல்லையில் உள்ள கல்வி அமைச்சு வரை போக வேண்டியிருக்கும். ஒவ்வொரு இடத்திலும் ஒரு கிழமை, பத்து நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அனுமதிக் கடிதம் அதே வழியால் இறங்கி வரவும் நாள் எடுக்கும். எல்லாம் நேராகப் போனால் ஐந்து, ஆறு கிழமை. ஆனால் பத்துக் கிழமை வைத்துக்கொள்ளச் சொல்வேன், ஒருமுறை திரும்பி வந்தாலும் தாங்குவதற்காக.

அப்படித் திரும்பி வருவது அபூர்வம் இல்லை. எங்களுடைய பள்ளிக்கூடத்தில் ஒரு ரீச்சர் திருச்சியில் அண்ணனின் கிரகப்பிரவேசத்துக்குப் போக விண்ணப்பித்தார். கோரிக்கைக் கடிதத்தில் "12ஆம் திகதி தொடக்கம் 20ஆம் திகதி வரை" என்று எழுதியிருந்தார். படிவத்தில் லீவு முடியும் நாள் என்ற இடத்தில் கடமைக்குத் திரும்பும் நாளான 21ஐ எழுதிவிட்டார். ஒரு நாள் வித்தியாசம்தான். நானும் பார்த்தேன், அதிபரும் பார்த்தார், இரண்டு பேருடைய கண்ணுக்கும் படவில்லை. மேலே இருந்தவரின் கண்ணுக்குப் பட்டது. "திகதிகளை உறுதிப்படுத்தவும்" என்ற ஒற்றை வரியோடு கோவை திரும்பி வந்து, திருத்தி மறுபடி மேலே போய்ச் சேர மூன்று கிழமை போனது. அனுமதி வந்தபோது கிரகப்பிரவேசம் முடிந்து நாலு நாள். அதற்குப் பிறகு யார் வெளிநாட்டு லீவு கேட்டு வந்தாலும் கடிதத்தையும் படிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, போகிற நாள், லீவு முடிகிற நாள், கடமைக்கு வருகிற நாள் மூன்றையும் விரல் வைத்து வாசித்துவிட்டுத்தான் கையெழுத்துக்கு அனுப்பினேன். உங்கள் மனைவியும் அப்படியே ஒருமுறை செய்யட்டும். கடவுச்சீட்டில் உள்ள பெயரும் நியமனக் கடிதத்தில் உள்ள பெயரும் ஒரே மாதிரி இருக்கிறதா என்பதையும் பார்க்கட்டும். கலியாணம் முடித்த பிறகு ஒன்றில் கணவரின் பெயர், மற்றதில் தகப்பனின் பெயர் என்று இருப்பது எங்கள் ஊரில் சாதாரணம். வித்தியாசம் இருந்தால் விளக்கம் ஒன்றை முதலிலேயே இணைத்துவிடலாம்.

இப்போது நாட்காட்டியை எடுங்கள். ஜூன் 18இல் இருந்து பத்துக் கிழமை பின்னுக்குப் போனால் ஏப்ரல் 9. அந்த நாளில் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று நினைத்தால் அங்கேதான் பிழைக்கும். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிப் பள்ளிக்கூடம் விடுமுறையில் இருக்கும். அதிபர் ஒருநாள் வருவார், ஒருநாள் வரமாட்டார். 13, 14 இரண்டும் அரச விடுமுறை, அதற்கு முன்னும் பின்னும் வலயத்திலும் மேலேயும் உத்தியோகத்தர்கள் ஊருக்குப் போயிருப்பார்கள். பத்துக் கிழமையில் இரண்டு கிழமை சும்மா கழிந்துவிடும். அதனால்தான் மார்ச் கடைசி என்றேன். கந்தோருக்கு லீவு கேட்கும்போது கிழமைக் கணக்குப் பார்க்கலாம். பள்ளிக்கூடத்துக்குத் தவணைக் கணக்குப் பார்க்க வேண்டும். போகிற நாள் இரண்டாம் தவணையில் வந்தால், தாள் முதலாம் தவணை முடியுமுன் அதிபரின் கையை விட்டுப் போயிருக்க வேண்டும். தவணை தொடங்குகிற, முடிகிற திகதிகளைக் கல்வி அமைச்சு ஆண்டுதோறும் அறிவிக்கும். அண்மைய ஆண்டுகளில் அவை முன்பின்னாக மாறியிருப்பதால் அந்த ஆண்டின் அட்டவணையைப் பார்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கவும் கூடாது. பாடசாலையில் இருந்து அனுப்பிய கடிதத்தின் இலக்கத்தையும் திகதியையும் கேட்டு எழுதிவைக்கட்டும். பத்து நாள் கழித்து வலயத்துக்குத் தொலைபேசி எடுத்து, "இந்த இலக்கக் கடிதம் வந்திட்டுதோ, எந்த உத்தியோகத்தர் பார்க்கிறார்?" என்று மரியாதையாகக் கேட்கலாம். உள்வரும் கடிதப் பதிவேட்டில் ஏறியிருந்தால் தாள் நடக்கிறது. ஏறவில்லை என்றால் அது இன்னும் அதிபரின் தட்டிலோ, தபால் பையிலோ இருக்கிறது. இரண்டாவது கிழமையில் தெரிந்தால் சரிசெய்யலாம். ஏழாவது கிழமையில் தெரிந்தால் கையைப் பிசைய வேண்டியதுதான். எந்த லீவுக் கணக்கில் கழிபடும், சம்பளத்தோடா சம்பளமில்லாமலா என்பதையும் அதே உத்தியோகத்தரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஆசிரியருக்கு ஆண்டுக்கு 41 நாள் லீவு இருக்கிறது என்று சொல்லி எல்லாரும் தலையாட்டுவார்கள். ஆனால் அதில் 20 நாள் சுகயீனத்துக்கானது, அதைக் கலியாணத்துக்கு எடுக்க முடியாது.

அனுமதிக் கடிதம் வருமுன் விமான ரிக்கற் போட வேண்டாம். மாற்றக்கூடிய ரிக்கற் என்றால் உங்கள் விருப்பம். அனுமதி இல்லாமல் போய்வந்தவருக்குப் பதவியை விட்டுப் போனதாகக் கருதி அறிவித்தல் வரக்கூடும். அதைச் சரிக்கட்டுவது பத்துக் கிழமையில் முடிகிற காரியம் இல்லை.

இதுவரை சொன்னது தாளின் கதை. பள்ளிக்கூடத்தில் இன்னொரு கணக்கும் இருக்கிறது, அதை ரீச்சர்மாரே பாதிப்பேர் நினைப்பதில்லை. அது வகுப்பின் கணக்கு.

காலை ஏழேகாலுக்குப் பிரதி அதிபரின் மேசையில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். அன்றைக்கு வராதவர்களின் பெயர் ஒரு துண்டில் இருக்கும். பக்கத்தில் நேரசூசி. வராத ரீச்சரின் ஒவ்வொரு பாடவேளைக்கும் அந்த நேரம் சும்மா இருக்கிற ஒருவரைத் தேடி, ரிலீஃப் கொப்பியில் பெயர் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். கூப்பிட்டால் வருகிற பதில் ஆசிரியர் என்று எங்களுக்கு வெளியே யாரும் இல்லை. உள்ளே இருப்பவர்களின் ஓய்வுப் பாடவேளையில் இருந்துதான் எடுக்க வேண்டும். கணித ரீச்சர் வராத இடத்துக்குச் சங்கீத ரீச்சர் போய் நிற்பார். பிள்ளைகள் சத்தம்போடாமல் இருப்பார்கள், அவ்வளவுதான். படிப்பு நடக்காது.

உங்கள் மனைவிக்கு நாலு வகுப்பு, ஒவ்வொன்றுக்கும் கிழமைக்கு ஆறு பாடவேளை என்று வைத்தால் கிழமைக்கு 24. ஏழு நாளில் முப்பத்துமூன்று, முப்பத்துநாலு பாடவேளை வெறுமையாகும். அதில் பதினோராம் ஆண்டு வகுப்பு ஒன்று இருந்தால் அந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் எட்டுப் பாடவேளை. ஒரு பாடவேளை 40 நிமிடம் என்றால் ஐந்து மணித்தியாலத்துக்கு மேல். சாதாரணதரம் எழுதப்போகிற பிள்ளைக்குக் கணிதத்தில் ஒரு முழு அலகு அது. கந்தோரில் ஒரு கோவை ஏழு நாள் மேசையில் கிடந்தால் எட்டாம் நாள் அதைப் பார்க்கலாம். ஏழு முப்பதுக்கு மணி அடித்தபோது வந்து இருந்த பிள்ளைகளின் அந்தப் பாடவேளையை எட்டாம் நாள் எடுக்க முடியாது, அந்த நேரத்தில் வேறு பாடம் இருக்கும்.

ஆனால் முந்தித் தெரிந்தால் மாற்றிக்கொள்ளலாம். இதற்குப் பத்துக் கிழமை தேவையில்லை, மூன்று கிழமை போதும். விஞ்ஞான ரீச்சரிடமும் வரலாறு ரீச்சரிடமும் பேசி, போகுமுன் இரண்டு கிழமையில் அவர்களின் நாலு பாடவேளையை வாங்கிப் பதினோராம் ஆண்டுக்குக் கணிதம் எடுக்கட்டும். இவர் இல்லாத கிழமைகளில் அந்த நாலையும் அவர்கள் தங்கள் பாடத்துக்கு எடுப்பார்கள். ரிலீஃப் கொப்பிக்கு நாலு பாடவேளை குறையும், பிள்ளைகளுக்கும் நட்டமில்லை. மிச்ச நாலுக்கு, முதலே படிப்பித்த அலகில் இருந்து பயிற்சித் தாள் தயாரித்து, ஒவ்வொரு நாளுக்கும் வேறு உறையில் போட்டுப் பகுதித் தலைவரிடம் கொடுக்கட்டும். புதுப் பாடத்தை ரிலீஃபுக்கு விட்டுப் போகக் கூடாது, சங்கீத ரீச்சர் பாவம். இந்த ஒழுங்கை அரைப்பக்கத்தில் எழுதி மார்ச்சில் கொடுக்கிற விண்ணப்பத்தோடேயே அதிபரிடம் காட்டினால், சிபாரிசு எழுத அவர் யோசிக்கமாட்டார். அதிபருடைய பயம் லீவு இல்லை, "பதினோராம் ஆண்டுக்குக் கணக்கு நடக்கேல்லை" என்று பெற்றோர் வந்து நிற்பதுதான்.

தவணைப் பரீட்சைக் கிழமையோடு இந்த ஏழு நாள் முட்டினால் நிலைமை வேறு. வினாத்தாள், மேற்பார்வை, புள்ளி எல்லாம் அவர் தலையில். அப்போது எவ்வளவு முந்திக் கேட்டாலும் அதிபர் தயங்குவார், தயங்குவது நியாயமும்தான். ஜூன் நடுப்பகுதி வழமையில் பரீட்சைக்கு முந்திய காலம். ஆனாலும் பாடசாலையின் தவணைத் திட்டத்தில் உறுதிப்படுத்துங்கள்.

உங்கள் கந்தோர் கதை சுருக்கமானது. தனியார் கம்பனி என்பதால் கடை, அலுவலக ஊழியர் சட்டம் உங்களுக்குப் பொருந்தும். ஒரு ஆண்டு முடித்தவருக்கு அடுத்த ஆண்டில் 14 நாள் வருடாந்த லீவு, அதோடு 7 நாள் அமயலீவு. வருடாந்த லீவில் ஏழு நாளாவது தொடர்ச்சியாக எடுக்க வேண்டும் என்று சட்டமே எதிர்பார்க்கிறது. அதனால் ஏழு நாள் கேட்பது சலுகை கேட்பது மாதிரி இல்லை. சங்கடப்பட்டுக் கேட்க வேண்டாம். எந்த ஏழு நாள் என்பதைத்தான் பேசித் தீர்க்க வேண்டும், அங்கேதான் முந்திச் சொல்வது உதவும்.

உங்கள் தாள் அனேகமாக இரண்டு மேசைதான் தாண்டும், ஒரு கிழமையில் முடியும். ஆனால் கணக்குப் பகுதியில் வேலை மாதத்தின் எல்லா நாளும் ஒரே பாரமாக இராது. நீங்கள் இல்லாத நாட்களுக்குள் ஜூன் சம்பளம் போடுகிற கிழமை வருகிறது. மே மாதத்து ஊழியர் சேமலாப நிதிக் கட்டணம் ஜூன் கடைசி வேலைநாளுக்குள் போக வேண்டும். நீங்கள் 28 திரும்பி வந்து அதைச் செய்யலாம் என்று விடாதீர்கள். போகுமுன் கட்டி, ரசீதைக் கோவையில் போட்டுவிட்டுப் போங்கள். சம்பளப் பட்டியலை 17ஆம் திகதிக்குள் முடித்து, மேலதிக நேரம், லீவுக் கழிவு மட்டும் கடைசியில் சேர்க்கிற மாதிரிப் பக்கத்து மேசைக்காரரிடம் ஒப்படைக்கலாம். அவர் மே மாதச் சம்பளத்தை உங்களோடு இருந்து ஒருமுறை செய்து பார்த்திருக்க வேண்டும். மே முதல் கிழமையில் எழுத்தில் கொடுக்கச் சொன்னதன் காரணம் இதுதான். அனுமதி கிடைத்தபின் ஒரு முழு மாதச் சுற்று கையில் இருக்கும். ஜூன் 10இல் கேட்டாலும் உங்கள் முகாமையாளர் தரக்கூடும், ஆனால் அந்தப் பழக்கிவிடுகிற மாதம் போய்விடும்.

முந்திக் கேட்டால் மறந்துபோவார்கள் என்பதும் பொய்யில்லை. ஜனவரியில் வாயால் கேட்டு, "ஓம் ஓம், போங்கோ" என்று வாங்கிய அனுமதி ஜூனில் யாருக்கும் ஞாபகம் இராது. அதற்கிடையில் பக்கத்து மேசைக்காரரும் அதே கிழமைக்குக் கேட்டு வாங்கியிருப்பார். அதனால் ஏப்ரலில் சொல்லும்போதே, "சேர், ஜூன் 18 தொடக்கம் ஏழு நாள், சென்னையில கலியாணம். அந்தக் கிழமையில வேற யாரும் லீவு கேட்டிருக்கினமோ?" என்று கேளுங்கள். அவர் குறித்துவைப்பார். மே மாதம் கொடுக்கிற தாளில், ஏப்ரலில் பேசியதைத் திகதியோடு ஒரு வரி எழுதுங்கள்.

அரச கந்தோரில் வேலை செய்கிற ஆட்கள் இதை வாசித்தால்: உள்நாட்டு லீவுக்குப் பொது 125அ படிவத்தில் பதில் கடமை பார்ப்பவரின் கையொப்பம் வேண்டும். அவர் யார் என்று முதலில் பேசி முடித்தால் ஒன்று, இரண்டு கிழமை முந்திக் கொடுத்தால் போதும். பதில் ஆள் இல்லாமல் கொடுக்கிற படிவம்தான் தட்டில் கிடக்கும். வெளிநாடு என்றால் உங்களுக்கும் ரீச்சரின் கணக்கேதான்.

ஒரு விசயம் எங்கள் ஊருக்கென்று உண்டு. நல்லூர்க் கொடி ஏறினால் 25 நாள், கடைசியில் தேரும் தீர்த்தமும். அதே நாட்களில்தான் கனடாவில் இருந்தும் இலண்டனில் இருந்தும் சொந்தக்காரர் வந்து இறங்குவார்கள். அந்த இரண்டு மூன்று கிழமைக்கு ஒரு கந்தோரில் பாதிப்பேர் லீவு கேட்பார்கள். ஆவணி அமாவாசைத் தீர்த்தம் எந்தத் திகதியில் வருகிறது என்பது பஞ்சாங்கத்தில் முதலே இருக்கிறது. அந்தக் காலத்துக்கு நான் ஐந்தாறு கிழமைக் கணக்கை விட்டு மூன்று மாதம் முந்தி எழுத்தில் கொடுக்கச் சொல்வேன். உங்களுடையது ஜூன் என்பதால் தப்பினீர்கள்.

மகனுக்கு ஒன்பதாம் ஆண்டு, பொதுப் பரீட்சை இல்லை. வகுப்பாசிரியருக்கு ஒரு கடிதம், அதிபருக்கு ஒரு பிரதி, இரண்டு கிழமை முந்தி. காரணத்தை உள்ளபடி எழுதுங்கள். கலியாணத்துக்குப் போய்வந்து காய்ச்சல் என்று எழுதிக் கொடுக்கிற பழக்கம் எங்கள் ஊரில் கூட. வரவு இடாப்பில் அந்தப் பொய்யோடு பிள்ளைதான் போய் நிற்க வேண்டியிருக்கிறது, அது எனக்குப் பிடிக்காது. அந்த ஏழு நாளில் பாடசாலை மட்டக் கணிப்பீடு ஏதும் இருந்தால் வேறு நாளில் செய்யலாமா என்று அவனே ரீச்சரிடம் கேட்கட்டும். மனைவி அதே பாடசாலையில் படிப்பித்தால்கூட அவனுடைய கடிதம் வேறாகவே போகட்டும்.

இன்றைக்கு மார்ச் கடைசி தாண்டிவிட்டது என்றால், மனைவி நாளைக்கே அதிபரைப் பார்க்கட்டும். பார்த்த கையோடு, தாளை அவரே நேரில் வலயத்துக்குக் கொண்டுபோய்க் கொடுக்கலாமா என்று கேட்கட்டும். சில அதிபர்மார் விடுவார்கள். தபாலுக்குப் போகிற நாலைந்து நாள் அதில் மிஞ்சும்.